ஓடப் பிடிக்காத தங்கைகளுக்கு ஒரு சொல்

விளையாட்டு விழா அறிவிப்பு, பலகையில் ஒட்டப்பட்ட மறுநாளே ஒவ்வொரு வகுப்பும் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பிரிவு பெயர் கொடுக்க ஓடிவரும். மற்றொரு பிரிவு அன்றைக்கென்று ஒரு தலைவலியையோ வயிற்றுவலியையோ தேடத் தொடங்கும். விழா மேடையில் பேசுவோர் வென்றவர்களை வாழ்த்துகிறார்கள், தோற்றவர்களைத் தேற்றுகிறார்கள். ஆனால் ஓடாமலே வேப்பமரத்தடியில் அமர்ந்து, மற்றவர்களுக்குத் தண்ணீர்ச் சொம்பையும் செருப்பையும் காத்துக்கொண்டிருக்கும் மாணவிகளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

திருவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குத் தினமும் பேருந்தில் வந்து போகும் உடற்கல்வி ஆசிரியை நான். இந்த ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் பேசும்படி என்னைப் பணித்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தையும் வேப்பமரத்தடிக்கே கொடுத்தேன். அன்று பேசியதையும், பேச நேரமில்லாமல் விட்டதையும் மலர்க்குழுவினர் கேட்டபடி இங்கே எழுதித் தருகிறேன்.

அன்புத் தங்கைகளே! "எனக்கு ஓடப் பிடிக்காது, டீச்சர்" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம், "எது பிடிக்கவில்லை?" என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. பெரும்பாலும் வரும் விடைகள் இவைதாம்: மூச்சு வாங்குகிறது; தொண்டை எரிகிறது; விலாவில் குத்துகிறது; கால் கல்லாகிவிடுகிறது; கடைசியாக வரும்போது எல்லாரும் பார்க்கிறார்கள். இவற்றில் முதல் நான்கையும் எண்ணிப் பாருங்கள். அவை ஓட்டத்தினால் வருபவை அல்ல. முதல் சுற்றில் ஓடிய வேகத்தினால் வருபவை.

ஒரு மாணவியின் கணக்கைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி. நம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி ஒரு முறை வந்தால் 200 மீட்டர். நான்கு சுற்று 800 மீட்டர். அவள் ஓடும்போது நான் கோட்டருகே ஸ்டாப் வாட்சுடன் நின்றேன். முதல் சுற்றை 48 விநாடியில் முடித்தாள். இரண்டாவதற்கு 68 விநாடி ஆயிற்று. மூன்றாவதற்கு 84. நான்காவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதி நடையாய் வந்து சேர 100 விநாடி. மொத்தம் 300 விநாடி, அதாவது சரியாக 5 நிமிடம். வந்ததும் தரையில் உட்கார்ந்து, "இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள், டீச்சர்" என்றாள்.

அடுத்த வாரம் அவளைக் கெஞ்சி மறுபடி ஓட வைத்தேன். இம்முறை நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வொரு சுற்றும் 70 விநாடி, அதற்கு முன்னால் வரக்கூடாது. பாதிச் சுற்றில் ஒருத்தியை நிறுத்தி, "முப்பத்தைந்து" என்று உரக்கச் சொல்ல வைத்தேன். முதல் சுற்றில் அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. கூட ஓடியவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூன்றாம் சுற்றில் அவர்களில் பலர் நடந்துகொண்டிருக்க, இவள் அதே நடையில் ஒவ்வொருவராகக் கடந்தாள். நான்கு சுற்றும் முடிந்தபோது 4 நிமிடம் 40 விநாடி. மெல்ல ஓடச் சொன்ன பெண் முன்னைவிட 20 விநாடி முன்னதாக வந்திருந்தாள்! வந்தவள் உட்காரவில்லை. "இன்னும் ஒரு சுற்று ஓடட்டுமா?" என்று கேட்டாள்.

இது எப்படி நடந்தது? நாம் ஓடத் தொடங்கிய உடனே காலின் தசைகள் பிராணவாயுவை மிகுதியாகக் கேட்கின்றன. ஆனால் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் இதயமும் நுரையீரலும் அந்தக் கணமே முழு வேகம் எடுப்பதில்லை. நாடித்துடிப்பும் மூச்சும் தேவைக்கேற்ற அளவுக்கு உயர்ந்து நிலைபெற இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசைகள் தம்மிடமுள்ள கையிருப்பைச் செலவழித்துச் சமாளிக்கின்றன. முதல் சுற்றில் பாய்ந்து ஓடுபவள் அந்தக் கையிருப்பை ஒரே நிமிடத்தில் காலிசெய்துவிடுகிறாள். பிறகு உடல் அவளை மெதுவாகப் போகும்படி கட்டாயப்படுத்துகிறது. அந்தக் கட்டாயத்தைத்தான் நாம் "கால் கல்லாகிவிட்டது" என்கிறோம். மெல்லத் தொடங்குபவளுக்கோ கையிருப்பு தீருமுன் மூச்சும் இதயமும் வந்து கைகொடுத்துவிடுகின்றன.

நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடத்தைப் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோரில் எவரும் ஓட முயல்வதில்லை. அத்தனை பெரிய தேர் வேகம் பிடித்துவிட்டால் வீதி முனையில் அதைத் திருப்ப முடியாது. அதனால்தான் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுப் போட்டு அதன் வேகத்தை அடக்குகிறார்கள். ரத வீதிகளை நிதானமாகச் சுற்றித்தான் தேர் நிலைக்கு வருகிறது. நீங்களும் முதல் சுற்றில் உங்களுக்கே ஒரு முட்டுக்கட்டை போட்டுக்கொள்ள வேண்டும்.

"எவ்வளவு மெல்ல ஓடுவது? எங்களிடம் ஸ்டாப் வாட்ச் ஏது?" என்று கேட்பீர்கள். உங்கள் வாயே அதற்கு அளவுகோல். தோழி ஒருத்தியுடன் சேர்ந்து ஓடுங்கள். ஓடிக்கொண்டே உங்கள் பெயர், வகுப்பு, தெருவின் பெயர் மூன்றையும் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். தடையின்றிச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். உடனே குறையுங்கள், தேவையானால் நடங்கள். ஒரு பாட்டையே பாட முடிகிறதென்றால் இன்னும் சற்று வேகமாகப் போகலாம். தினந்தோறும் ஓடிப் பழகியவர்களும் பயிற்சியின் பெரும்பகுதியை இப்படிப் பேச முடிகிற வேகத்தில்தான் செய்கிறார்கள். ஆகவே மெல்ல ஓடுகிறோமே என்று யாரும் கூச வேண்டியதில்லை.

விலாவில் சுருக்கென்று குத்துவதற்குக் காரணம் இன்னதென்று மருத்துவர்களே முடிவாகச் சொல்லவில்லை. ஆயினும் அதைத் தணிக்கும் வழி உண்டு. நடைக்கு வாருங்கள், குத்தும் இடத்தைக் கையால் அழுத்திச் சற்று முன்னே குனியுங்கள், மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பெரும்பாலும் சிறிது நேரத்தில் விட்டுவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டபின் இரண்டு மணி நேரத்துக்குள் ஓடுவதும், புறப்படும்போது மடமடவென்று தண்ணீர் குடிப்பதும் அதை வரவழைக்கும்.

பயிற்சியைத் தொடங்குகிறவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் ஒதுக்கினால் போதும். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. மொத்தம் 16 நிமிடம். இது எளிதாகிவிட்டால் அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. எளிதாகாவிட்டால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள், அதில் குறைவொன்றுமில்லை. ஓட்டத்தின் நேரத்தைத்தான் கூட்ட வேண்டும், வேகத்தையல்ல. இப்படிப் போனால் ஆறேழு வாரத்தில் நிற்காமல் ஐந்தாறு நிமிடம் ஓட உங்களில் பலருக்கு வந்துவிடும். நான்கு சுற்றுக்கு அது போதும்.

இராஜபாளையத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவற்றுள் இவ்வூர் வேட்டை நாயும் ஒன்று. வெள்ளை உடலும் நீண்ட காலுமாய் அது பாய்ந்து ஓடும்போது நம்மில் யாராலும் தொட முடியாது. ஆனால் அது குறுகிய பாய்ச்சலுக்கென்று அமைந்த உடல். மேலும் நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மனித உடலோ தோல் முழுவதும் வியர்த்து, அந்த வியர்வை உலர்வதால் குளிர்கிறது. நெடுநேரம் ஒரே நிதானத்தில் ஓடுவதற்கு நமக்குக் கிடைத்த வசதி அது. பலர் வேட்டை நாயைப் போலப் புறப்பட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். வியர்வைக்கும் எல்லை உண்டு என்பதையும் மறவாதீர்கள். மலைக்காற்று வீசும் காலையிலோ வெயில் தாழ்ந்த மாலையிலோ ஓடுங்கள், நண்பகலில் வேண்டாம்.

"பெண் பிள்ளைகளுக்கு நான்கு சுற்று அதிகமில்லையா?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காக ஒரு பழைய வரலாறு. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள்; ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். இரண்டாவதாக வந்தவர் ஜப்பானியப் பெண் கினுயே ஹிதோமி. அவர் 100 மீட்டரில் பரிசு வாங்கும் எண்ணத்துடன் போனவர். அதில் அரையிறுதியோடு நின்றுபோகவே, தாம் பழகியிராத 800 மீட்டரில் துணிந்து ஓடினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

ஆனால் மறுநாள் சில செய்தித்தாள்கள் வேறுவிதமாக எழுதின. பதினொரு பெண்கள் ஓடினார்கள், பாதிப்பேர் பாதியிலே விழுந்தார்கள், மற்றவர்கள் முடிவில் மயங்கினார்கள் என்றெல்லாம் வந்தது. ஓடியவர்கள் ஒன்பதே பேர் என்பதைக்கூட அவை சரியாக எண்ணவில்லை! ஓடி முடித்த களைப்பில் தரையில் சாய்வது ஆண்களின் ஓட்டத்திலும் அன்றாடம் காண்பதுதான். எனினும் அந்தப் பேச்சே நிலைத்தது. பெண்களின் உடல் இதைத் தாங்காது என்று சொல்லி அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்ப வந்தது. இடையில் 32 ஆண்டுகள்! 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நம் நாட்டின் ஷைனி ஆபிரகாம் இதே 800 மீட்டரில் அரையிறுதி வரை சென்றார். ஓடிய பெண்களைச் சரியாகப் பாராமல் எழுதிய சில வரிகள் எத்தனை பேருடைய வாய்ப்பை மூடிவிட்டன, பாருங்கள்.

சரியாகப் பார்ப்பதைப் பற்றி எங்களைப் போன்ற ஆசிரியைகளுக்கும் உங்கள் தாய்மார்களுக்கும் இன்னொன்று சொல்ல வேண்டும். பேசுகிற வேகத்தில் பல வாரம் பழகியும், இரண்டு நிமிட ஓட்டத்துக்கே நெஞ்சு படபடக்கிற பெண்கள் சிலர் உண்டு. மாடிப்படி ஏறினாலே இளைப்பார்கள். வகுப்பில் எப்போதும் சோர்ந்திருப்பார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. அதற்கு முன்னால் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறம் பாருங்கள். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தால் இரத்தச் சோகையாக இருக்கலாம். பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். சுமப்பவர் குறைந்தால், இதயம் எத்தனை வேகமாக அடித்தாலும் சரக்கு போதிய அளவு போய்ச் சேராது. அந்தப் பெண்ணை "ஓடு, ஓடு" என்று விரட்டிப் பயனில்லை.

இமையைப் பார்ப்பது ஐயப்படுவதற்கே உதவும். முடிவாகச் சொல்வது இரத்தப் பரிசோதனைதான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோகை இருந்தது. ஆகையால் நம் வகுப்புகளிலும் இது இருக்கத்தான் செய்யும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அளவு எட்டுக்கூட இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவள் பெயர் "சோம்பேறி" பட்டியலில் இருந்தது. மருத்துவர் தந்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, நான்கு மாதம் கழித்து மைதானத்துக்கு வந்தபோது, அவளை நான் நடையிலிருந்துதான் தொடங்க வைத்தேன். இப்போது மூன்று சுற்று ஓடுகிறாள்.

வாரத்துக்கு ஒன்றாகப் பள்ளிகளில் தருகிற இரும்புச்சத்து மாத்திரை சோகை வராமல் காப்பதற்கு. வந்துவிட்டால் அந்த அளவு போதாது. எவ்வளவு, எத்தனை நாள் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையைக் காப்பி, டீயுடன் சாப்பிட்டால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா முதலியவை அது சேர உதவும். இன்னும் ஒன்று: ஓடும்போது மார்பு வலித்தாலும், மயக்கம் வந்தாலும், மூச்சில் விசில் போன்ற ஒலி கேட்டாலும் நின்றுவிடுங்கள். மருத்துவரிடம் காட்டிய பிறகே மறுபடி ஓடலாம். காய்ச்சல் உள்ள நாளிலும் ஓட வேண்டாம்.

இனி நீங்கள் சொன்ன ஐந்தாவது காரணத்துக்கு வருகிறேன்: கடைசியாக வரும்போது எல்லாரும் பார்க்கிறார்கள். இதற்கு நான் உங்களுக்கு அறிவுரை சொல்லப் போவதில்லை. பந்தயத்தையே மாற்றி அமைக்கப் போகிறோம். தலைமையாசிரியை அவர்களும் இதற்கு இசைந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு விழாவில் "சொன்ன நேரத்தில் வருதல்" என்று ஒரு பந்தயம் உண்டு. தூரம் நான்கு சுற்று. புறப்படுமுன் ஒவ்வொருத்தியும் தான் எத்தனை நிமிடம், எத்தனை விநாடியில் வருவாள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கைக்கடிகாரங்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட வேண்டும். யாரும் வெளியிலிருந்து நேரம் சொல்லக்கூடாது. எழுதிய நேரத்துக்கு மிக அருகில் வருபவளுக்கே முதல் பரிசு. ஒருத்தி 4 நிமிடம் என்று எழுதி 4 நிமிடம் 31 விநாடியில் வந்தால் வித்தியாசம் 31. மற்றொருத்தி 5 நிமிடம் 10 விநாடி என்று எழுதி 5 நிமிடம் 14 விநாடியில் வந்தால் வித்தியாசம் 4 தான். பின்னால் வந்த அவளே வென்றவள். கோட்டைத் தாண்டும்போது யார் முதல், யார் கடைசி என்று பார்வையாளர் எவருக்கும் தெரியாது. சீட்டைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

இந்தப் பந்தயத்தில் முதல் சுற்றில் பாய்கிறவள் வெல்வது அரிது. நான்காவது சுற்றில் எத்தனை விநாடியை இழப்பாள் என்று அவளுக்கே தெரியாது. தன் மூச்சை அறிந்து, நான்கு சுற்றையும் ஒரே நடையில் ஓடுகிறவளால்தான் தன் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும். அதற்கு வேண்டியது பழக்கம். ஆகவே, வேப்பமரத்தடித் தங்கைகளே, கோடை விடுமுறையிலேயே ஒரு நிமிட ஓட்டத்தையும் ஒரு நிமிட நடையையும் தொடங்குங்கள். பள்ளி திறந்தபின் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நான் ஸ்டாப் வாட்சுடன் சுண்ணாம்புக் கோட்டருகே நிற்பேன். வந்து ஒரு சுற்று ஓடி, உங்கள் சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். சீட்டில் எழுத வேண்டிய நேரம் அதிலிருந்துதான் கிடைக்கும்.